அந்த மின்னஞ்சலில் ஐந்து வரி, ஐந்து பிழை

2025 ஜூனில், இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சல் இது. புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியது. என்னிடம் காட்டினார். நான் ஃபோனில் பேசிக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு "அனுப்பிடும்மா" என்று சொன்னேன். ஆகவே பிழை என்னுடையதுதான்.

"ஐயா, உங்கள் கார் பாலிசி 15/06/2025 அன்று முடிகிறது. புதுப்பிக்க ரூ.11,080 செலுத்தவும். பாலிசி எண்ணின் கடைசி இலக்கங்கள் 4417. 30 நாள் கிரேஸ் பீரியட் இருப்பதால் கவலை வேண்டாம். பம்பர் டு பம்பர் எடுத்திருக்கிறீர்கள், எது நடந்தாலும் முழுத் தொகையும் கிடைத்துவிடும்."

படிக்க எவ்வளவு கனிவாக இருக்கிறது பாருங்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு தவறு இருக்கிறது. அன்றிலிருந்து அனுப்பும் முன் ஒவ்வொரு மின்னஞ்சலையும் எப்படிப் பார்க்கிறேன் என்பதை இந்த ஐந்து வரியை வைத்தே சொல்கிறேன்.

தொகையிலிருந்து தொடங்கலாம். கொட்டேஷனில், சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000. இரண்டு வருடம் கிளெய்ம் இல்லாததால் நோ கிளெய்ம் போனஸ் 25 சதவீதம் கழிந்து 7,500. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத, பம்பர் டு பம்பர் என்று சொல்லப்படும் ஜீரோ டிப்ரிசியேஷன் ஆட்-ஆனுக்கு 2,500. ஆக 10,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,800. மொத்தம் 11,800. மின்னஞ்சலில் எட்டும் பூஜ்யமும் இடம் மாறி 11,080 ஆகிவிட்டது. நம் கண் இதைப் பிடிக்காது. முதல் இரண்டு இலக்கமும் கடைசி இலக்கமும் சரியாக இருந்தால், நடுவில் இருப்பதை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் நான் தொகையைக் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி, வாய்விட்டுப் படிக்கிறேன்: பூஜ்யம், பூஜ்யம், எட்டு, ஒன்று, ஒன்று. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. அப்புறம் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்திலும் போடுகிறேன். 'பதினோராயிரத்து எண்ணூறு' என்று எழுதும்போது கை தானாக நின்று யோசிக்கும். லட்சக்கணக்கில் வரும் காப்பீட்டுத் தொகைக்கு இது இன்னும் அவசியம். 5,00,000 என்பதற்கும் 50,00,000 என்பதற்கும் இடையே ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம்.

எண்ணைப் பார்க்கும்போதே அது எந்தக் காலத்து எண் என்றும் பார்க்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. கார் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. பழைய மின்னஞ்சலை எடுத்து பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வரி விகிதம் அதில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

720 ரூபாய் குறைந்தால் என்ன, அப்புறம் கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. இன்சூரன்ஸ் சட்டம் 1938-இன் 64விபி பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் நிறுவனம் ரிஸ்க்கை ஏற்கக் கூடாது. குறைவான தொகை வந்தால் பாலிசி போடப்படாது. அவ்வளவுதான்.

அடுத்து தேதி. அந்த பாலிசி உண்மையில் முடிந்தது 14ஆம் தேதி நள்ளிரவு. 15 என்பது புது பாலிசி தொடங்க வேண்டிய நாள். கொட்டேஷனில் இருந்த தொடக்கத் தேதியை, முடியும் தேதி என்று நினைத்து எழுதிவிட்டார்கள். புதுப்பித்தல் மின்னஞ்சல்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த ஒருநாள் பிழையைத்தான். அதனால் கொட்டேஷனைப் பார்த்து தேதி எழுதுவதில்லை. கையில் இருக்கும் பாலிசி ஷெட்யூலைத் திறந்து, 'வரை' என்று போட்டிருக்கும் தேதியை எடுக்கிறேன். எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்க்கிறேன்: 2025 ஜூன் 14, சனிக்கிழமை. கிழமை சேர்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. அந்தச் சனி, மாதத்தின் இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. காசோலை கொடுப்பவருக்கு உண்மையான கடைசி நாள் 13 வெள்ளி. கிழமையை எழுதியிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

'நாளைக்குள்', 'இந்த வாரத்துக்குள்' போன்ற சொற்களை நான் மின்னஞ்சலில் விடுவதே இல்லை. எழுதியவருக்கு நாளை என்றால் வியாழன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் திறந்து படிப்பவருக்கு அது வெள்ளி.

பாலிசி எண்ணுக்கு வருவோம். 4417 என்பது இல்லாத எண் அல்ல, அந்தக் காருடைய எண்தான். ஆனால் வேறு பாலிசி. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு, பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் பகுதியை மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கலாம், அதுவும் வேறு நிறுவனத்தில்கூட. இந்த வாடிக்கையாளர் கார் வாங்கியது 2023 ஜூன். மூன்று வருட தேர்ட் பார்ட்டி 2026 ஜூன் வரை ஒரு நிறுவனத்தில் ஓடுகிறது. ஓன் டேமேஜ் 2024-இல் வேறொரு நிறுவனத்துக்கு மாறிவிட்டது. ஒரே கார், இரண்டு நிறுவனம், இரண்டு எண், இரண்டு முடியும் தேதி. மின்னஞ்சலில் போனது தேர்ட் பார்ட்டி எண். அவர் அந்த பாலிசியை எடுத்துப் பார்த்திருந்தால், "2026 வரை இருக்கிறதே, எதற்கு இப்போது அவசரம்" என்று விட்டிருப்பார்.

ஆகவே எண்ணை மட்டும் சரிபார்த்தால் போதாது. எண், நிறுவனம், எந்தப் பகுதி, எந்த வருடம் என்று நான்கையும் ஒரே வரியில் எழுத வேண்டும். கிளெய்ம் மின்னஞ்சலில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் எண்ணே மாறிவிடும். விபத்து நடந்த நாளில் எது நடப்பில் இருந்ததோ அந்த எண்ணைத்தான் போட வேண்டும், இன்று நடப்பில் இருப்பதை அல்ல. இணைப்புக் கோப்பையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. பெயர் ஒன்றாக இருந்து, வண்டி எண் வேறாக இருந்த பிடிஎஃப்பை நானே ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கைப்பிழை. ஷெட்யூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும். கடைசி இரண்டு வரிகள் அப்படியல்ல. அவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க எண் இல்லை. அவை நாம் தெரியாமல் கொடுத்த வாக்குறுதிகள்.

கிரேஸ் பீரியட் வரி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மருத்துவக் காப்பீட்டுக்கான எங்கள் பழைய நினைவூட்டலில் இருந்து வந்திருந்தது. அங்கே பாலிசி முடிந்த பிறகும் வருடப் பிரீமியம் கட்ட 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டினால், சில நோய்களுக்கு கவர் தொடங்கும் வரையிலான காத்திருப்புக் காலக் கணக்கு அறுபடாது. ஆனால் கட்டாத அந்த இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிளெய்ம் கிடையாது. கார் பாலிசிக்கோ கிரேஸ் பீரியடே இல்லை. முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் தப்பும், அதைத்தான் பலர் கிரேஸ் என்று குழப்பிக்கொள்கிறார்கள். போனஸ் தப்பும், கவர் தப்பாது.

'முழுத் தொகையும் கிடைத்துவிடும்' என்பது அதைவிட மோசம். ஜீரோ டிப்ரிசியேஷன் இருந்தாலும், கிளெய்மில் வாடிக்கையாளர் தானே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு உண்டு, 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய். என்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதற்கு வேறு ஆட்-ஆன் வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தில், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனவர்கள் பலர் அன்றுதான் அதைத் தெரிந்துகொண்டார்கள். பிறகு தகராறு வந்தால் வாடிக்கையாளர் பாலிசி வாசகத்தை எடுத்துக் காட்ட மாட்டார், நம் மின்னஞ்சலைக் காட்டுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். 'விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறோமே என்பது பெரிய ஆறுதல் அல்ல. மேலே தெளிவாகச் சொன்னதை கீழே மங்கலாக மறுத்தால் எது மனதில் நிற்கும்?

தமிழில் இதற்கு ஒரு குறி இருக்கிறது. அது 'விடும்'. கிடைத்துவிடும், வந்துவிடும், முடிந்துவிடும். பேச்சில் அது ஆறுதல். எழுத்தில் உத்தரவாதம். எழுதி முடித்ததும் தேடல் பெட்டியில் 'விடும்' என்று போட்டுப் பார்க்கிறேன். அடுத்து 'ஆயிடுச்சு', 'ஆகிவிட்டது' வகை. 'ஒப்புதல் ஆகிவிட்டது' என்று எழுதியிருப்போம், நடந்தது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது மட்டுமாக இருக்கும். அதற்கும் அடுத்து 'முழு', 'எல்லாம்', 'எதுவானாலும்'. இந்த ஒரு சுற்றில் நான் மின்னஞ்சலைப் படிப்பதில்லை, வினைச்சொற்களை மட்டும் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் கேட்பது ஒன்றுதான்: இதைச் செய்யப்போவது நானா, நிறுவனமா?

நிறுவனம் என்றால், யார், எதைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று எழுதுகிறேன். நான் என்றால், எந்த நாள் என்று எழுதுகிறேன். 'கிளெய்ம் இந்த வாரம் கிடைத்துவிடும்' என்பது இப்படி மாறும்: 'சர்வேயரின் அறிக்கையைப் பார்த்து நிறுவனம் முடிவு செய்யும். அறிக்கை போய்விட்டதா என்று ஜூன் 18 புதன்கிழமை விசாரித்து உங்களுக்கு எழுதுகிறேன்.' ஆஸ்பத்திரி பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் விஷயத்தில் 'ஒரு மணி நேரத்தில் அப்ரூவல் வந்துவிடும்' என்று பலர் எழுதுகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொன்னது, ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதுதான். மறுப்பதும் ஒரு முடிவுதான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் 'பரிசீலிக்கப்படலாம்' என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு வகை ஏமாற்று. ஷெட்யூலில் இருப்பதைத் தயங்காமல் சொல்லலாம்: ஜீரோ டிப்ரிசியேஷன் இருக்கிறது, பிளாஸ்டிக் பாகத்துக்கு வழக்கமாகக் கழியும் 50 சதவீதத் தேய்மானம் கழியாது. அது வாக்குறுதி அல்ல, ஒப்பந்தம்.

அந்த வாடிக்கையாளர் என்ன ஆனார்? 15 என்று நாம் சொன்னதால் ஞாயிறு அன்று, நாம் சொன்ன 11,080-ஐயே அனுப்பினார். தேதி, தொகை இரண்டில் ஒரு பிழை மட்டும் இருந்திருந்தாலும் பாலிசி அறுந்திருக்கும். இங்கே இரண்டும் இருந்தன. திங்கள் காலை நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. பாலிசி அறுந்துவிட்டதால் வண்டியை இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. பின் கதவில் இருந்த பழைய நசுங்கல் புகைப்படத்தில் பதிவாகி, அது புது பாலிசியில் விலக்கப்பட்டது. மீதிப் பணம் கட்டி, செவ்வாய் மதியம் பாலிசி வந்தது. போனஸ் போகவில்லை. இரண்டரை நாள் அவர் வண்டியை ஓன் டேமேஜ் கவர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார், எங்கள் பேச்சை நம்பி.

அவர் எங்களைத் திட்டவில்லை. மின்னஞ்சலை அச்செடுத்து வந்து மேஜைமேல் வைத்து, நான்காவது வரியை விரலால் தொட்டு, "இது யார் சார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.