பொட்டாசியமும் பாதரச விளக்கும்: நிறுத்து மின்னழுத்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு உலோகம்

ஒளிமின் விளைவு பற்றிய கணக்கு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். இதையே எடுத்துக்கொள்வோம்: பொட்டாசியத் தகடு ஒன்றின் மேல் பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீல ஒளி விழும்போது நிறுத்து மின்னழுத்தம் 0.55 வோல்ட், 365 நானோமீட்டர் புறஊதா விழும்போது 1.10 வோல்ட். வெளியேற்று ஆற்றல் எவ்வளவு, பயன்தொடக்க அதிர்வெண் எவ்வளவு, அதே விளக்கின் 546.1 நானோமீட்டர் பச்சை ஒளி விழுந்தால் என்ன ஆகும்?

1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னது ஒரு வரவு செலவுக் கணக்குதான். ஒரு ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் ஒரே ஒரு எலக்ட்ரானிடம் கொடுக்கிறது, எலக்ட்ரான் உலோகத்தை விட்டு வெளியே வர குறைந்தது φ அளவு செலவாகிறது, அதுதான் வெளியேற்று ஆற்றல், மீதி இயக்க ஆற்றல். அந்த மீதியை எப்படி அளப்பது? எதிரே இருக்கும் தகட்டுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே போனால் வேகம் குறைந்த எலக்ட்ரான்கள் முதலில் திரும்பிவிடும், மிக வேகமானதும் திரும்புகிற இடத்தில் மின்னோட்டம் பூஜ்ஜியமாகும். அதுதான் நிறுத்து மின்னழுத்தம் V₀.

eV₀ = hν − φ

இதில் e எலக்ட்ரானின் மின்னூட்டம், h பிளாங்க் மாறிலி, ν ஒளியின் அதிர்வெண்.

ஜூலில் போட்டு பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1240-ஐ நானோமீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். நீலத்துக்கு 2.85, புறஊதாவுக்கு 3.40. அவரவர் நிறுத்து மின்னழுத்தத்தைக் கழித்தால் இரண்டிலும் 2.30 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். φ-ஐ h-ஆல் வகுத்தால் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண், அதாவது பயன்தொடக்க அதிர்வெண் 5.56 × 10¹⁴ ஹெர்ட்ஸ், அலைநீளமாகச் சொன்னால் 539 நானோமீட்டர்.

சரி, பச்சை? அதன் ஃபோட்டானுக்கு 2.27 எலக்ட்ரான் வோல்ட்தான். 0.03 குறைகிறது, அவ்வளவுதான், ஆனால் எலக்ட்ரான் வராது. விளக்கை நூறு மடங்கு பிரகாசமாக்கினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடுமே தவிர ஒவ்வொன்றிலும் அதே 2.27 தான் இருக்கும். (அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களிடம் ஏற்கெனவே கொஞ்சம் வெப்ப ஆற்றல் இருப்பதால் இந்த எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் கசியலாம். கணக்குப் புத்தகம் அதைக் கண்டுகொள்ளாது.)

அதிர்வெண்ணை இரட்டித்தால் நிறுத்து மின்னழுத்தமும் இரட்டிக்கும் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நீலத்தின் அதிர்வெண்ணை இரட்டித்துப் பாருங்கள்: 5.69-ல் 2.30 போக 3.39 வோல்ட். 0.55-க்கு இது ஆறு மடங்குக்கும் மேல். ஃபோட்டானின் ஆற்றல் இரட்டித்தாலும் வெளியே வரும் செலவு மாறவில்லையே.

இதுவரை கணக்கு சுத்தம். ஆய்வகத்தில் ஒளிமின்கலத்தை வைத்து இதையே செய்தால் φ பல நேரம் ஒத்துவராது, ஏனென்றால் எலக்ட்ரானைப் பிடிக்கும் தகடும் ஒரு உலோகம், அதற்கும் ஒரு வெளியேற்று ஆற்றல் உண்டு. இரண்டையும் கம்பியால் இணைத்த கணமே, மின்கலம் எதுவும் இல்லாமலே, இரண்டு வெளியேற்று ஆற்றல்களின் வித்தியாசத்துக்குச் சமமான ஒரு மின்னழுத்தம் இடைவெளியில் உருவாகிவிடுகிறது. இதைத் தொடு மின்னழுத்தம் என்பார்கள். பிடிக்கும் தகட்டின் வெளியேற்று ஆற்றல் அதிகமாக இருந்தால் அது தானாகவே எலக்ட்ரானைத் தடுக்கும், நாம் கொடுக்க வேண்டிய தடை அந்த அளவுக்குக் குறையும். எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் பொட்டாசியத்தின் φ அடிபட்டுப் போய், பிடிக்கும் தகட்டின் φ மட்டும் சமன்பாட்டில் மிஞ்சுகிறது! நம் கணக்கு சரியாக வர வேண்டுமானால் இந்தத் தொடு மின்னழுத்தத்தைத் திருத்திய பிறகு வந்த V₀ தான் 0.55, 1.10 என்று கொள்ள வேண்டும்.

இதிலிருந்து தப்பிப்பது எது என்றால், அதிர்வெண்ணுக்கு எதிராக V₀-ஐ வரைந்தால் வரும் கோட்டின் சாய்வு. இரண்டு V₀-களின் வித்தியாசம் 0.55 வோல்ட், அதிர்வெண்களின் வித்தியாசம் 1.334 × 10¹⁴ ஹெர்ட்ஸ். வகுத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் 6.60 × 10⁻³⁴ ஜூல் வினாடி. தொடு மின்னழுத்தம் இரண்டு அளவீட்டிலும் ஒரே அளவு இருப்பதால் கழிக்கும்போது போய்விடுகிறது. மில்லிகன் 1916-ல் வெளியிட்ட அளவீட்டில் h-ஐ எடுத்தது இந்தச் சாய்விலிருந்துதான். கார உலோகப் பரப்பு எளிதில் மாசுபடும் என்பதால் வெற்றிடத்துக்குள்ளேயே கத்தி வைத்துச் சீவிப் புதுப் பரப்பெடுத்தார், தொடு மின்னழுத்தத்தையும் தனியாக அளந்தார். இன்றைய மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்குள் அவருக்கு விடை வந்தது.

இன்னொரு தொல்லை: ஆவியான பொட்டாசியம் பிடிக்கும் தகட்டிலும் படியும். அதன் மேல் சிதறும் ஒளி விழுந்தால் அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்பி எதிர்த்திசையில் ஓடும். மின்னோட்டம் பூஜ்ஜியத்தில் நிற்காமல் கீழே இறங்கி ஒரு சிறிய எதிர் மதிப்பில் படுத்துக்கொண்டால் காரணம் இதுதான். அப்போது அச்சை வெட்டும் புள்ளியை V₀ என்று எடுத்தால் உண்மையைவிடக் குறைவாக வரும். மின்னோட்டத்தின் வளைகோடு அந்த எதிர் மதிப்பை விட்டு மேலே கிளம்பத் தொடங்கும் இடத்தைத்தான் தேட வேண்டும்.