முன்னுரிமைப் பங்கின் செலவும் தக்கவைத்த வருவாயின் செலவும்

‘காஸ்ட் ஆஃப் கேபிடல்’ என்பதை நம் பாடநூல்கள் பெரும்பாலும் ‘மூலதனச் செலவு’ என்றே எழுதுகின்றன. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயந்திரம், கட்டடம் வாங்கச் செய்யும் செலவுக்கும் அதே பெயர் வழங்குகிறது. தவிர, செலவு என்றதும் இலாப நட்டக் கணக்கில் பற்று எழுதப்படும் ஒன்றைத்தான் மனம் தேடுகிறது. இங்கே சொல்லப்படுவது அது அல்ல; பணம் தந்தவர் எதிர்பார்க்கும் வருவாய் வீதம். ‘மூலதன அடக்கம்’ என்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் தேர்வுத்தாளில் ‘மூலதனச் செலவு’ என்றுதான் வரும் என்பதால் இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பிரிஃபரன்ஸ் என்ற சொல்லின் வேர் இலத்தீன். ‘முன்னே கொண்டு வைத்தல்’ என்பது பொருள். ‘முன்னுரிமைப் பங்கு’ அதற்குச் சரியான தமிழ். ஈவுத்தொகை தரும்போதும், நிறுவனத்தைக் கலைத்து முதலைத் திருப்பும்போதும், இவர்கள் சாதாரணப் பங்குதாரர்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். ஈவு வீதம் நிலையானது என்பதால் பார்க்கக் கடன் மாதிரியே இருக்கும். ஆனால் பெயரின் பின்பாதி ‘பங்கு’. கடனுக்குத் தரும் வட்டி வரிக்கு முன்பே கழிந்துவிடும். ஈவுத்தொகையோ வரி கட்டிய பிறகு மிஞ்சும் இலாபத்திலிருந்து போகிறது. ஆகவே வட்டிக்குக் கிடைக்கும் வரிச் சலுகை இதற்கு இல்லை.

ரீடெயின்ட் எர்னிங்ஸ் என்பதிலும் இலத்தீன் வேர்தான்: ‘பின்னே பிடித்து வைத்தல்’. ‘தக்கவைத்த வருவாய்’, ‘பிடித்து வைத்த இலாபம்’ என இரண்டு வழக்கும் உண்டு. இரண்டாவது எனக்குப் பிடிக்கும், யாருக்கோ சேர வேண்டியதைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அதில் தெரிகிறது. அந்த யாரோ, சாதாரணப் பங்குதாரர். பணம் கைக்கு வந்திருந்தால் அதே அளவு இடருள்ள வேறு பங்கில் போட்டிருப்பார். அவர் இழந்த அந்த வருவாய்தான் இதன் செலவு. அதாவது வாய்ப்புச் செலவு.

சரி, ஒரு கணக்கு. சாதாரணப் பங்கு முதல் 4 லட்சம், தக்கவைத்த வருவாய் 1 லட்சம், மீட்க இயலாத 12% முன்னுரிமைப் பங்கு 2 லட்சம், 10% கடன் பத்திரம் 3 லட்சம். வரி வீதம் 30%. முன்னுரிமைப் பங்கின் முகமதிப்பு 100. வெளியீட்டுச் செலவு போகக் கைக்கு வந்தது 96. சாதாரணப் பங்கின் சந்தை விலை 200, அடுத்த ஆண்டு ஈவு 20, ஈவின் வளர்ச்சி 6%. கீழே Kp முன்னுரிமைப் பங்கின் செலவு, Ke சாதாரணப் பங்கின் செலவு, Kr தக்கவைத்த வருவாயின் செலவு, Kd வரி போகக் கடனின் செலவு.

```
Kp = 12 / 96 = 12.5%
Ke = 20 / 200 + 6% = 16%
Kr = Ke = 16%
Kd = 10% × (1 − 0.30) = 7%
```

முன்னுரிமைப் பங்கில் வகுக்கும் எண் 100 அல்ல, 96 என்பதைக் கவனியுங்கள்; நிறுவனம் பயன்படுத்தக் கிடைத்தது அவ்வளவுதான். இப்போது, மொத்தம் 10 லட்சத்தில் ஒவ்வொன்றும் எத்தனை பகுதி என்பதை எடையாகக் கொண்டு, எடையிட்ட சராசரி:

```
0.4×16 + 0.1×16 + 0.2×12.5 + 0.3×7
= 6.4 + 1.6 + 2.5 + 2.1 = 12.6%
```

பழக்க தோஷத்தில் முன்னுரிமைப் பங்குக்கும் வரியைக் கழித்தால் 12.5 என்பது 8.75 ஆகி, விடை 11.85% என்று வரும். தக்கவைத்த வருவாய் ‘நம் பணம்தானே’ என்று பூச்சியம் போட்டால் 11%. இரண்டுமே நம்பும்படியான எண்கள் என்பதால் தவறு கண்ணில் படாது. Kp என்பது Kd-யைவிடக் கூடுதலாகவும், Kr கிட்டத்தட்ட Ke அளவிலும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சில கணக்குகளில் பங்குதாரரின் சொந்த வருமான வரி 20%, தரகு 2% என்று கூடுதலாகத் தந்திருப்பார்கள். அப்போது, ஈவு கைக்கு வந்தாலும் வரியும் தரகும் போக மீதியைத்தான் மறுபடி முதலீடு செய்ய முடியும் என்ற அடிப்படையில்:

```
Kr = 16% × (1 − 0.20) × (1 − 0.02) = 12.54%
```

ஆளுக்கு ஆள் வரி வீதம் மாறும் என்பதால் இந்த வழி எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆனால் வினாவில் அந்த வீதங்கள் இருந்தால் இதைத்தான் கேட்கிறார்கள். அவை இல்லாவிட்டால் Kr = Ke.

அப்புறம் எடை. மேலே போட்டவை ஏட்டு மதிப்பு எடைகள். சந்தை மதிப்பில் எடை கேட்டால், 4,000 பங்குகள் 200 வீதம் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தக்கவைத்த வருவாய் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. இன்னொரு 1 லட்சத்தைத் தனியாகச் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகும். Kr தனி வீதமாக இருந்தால், 8 லட்சத்தை ஏட்டிலுள்ள 4:1 விகிதத்தில் 6.4 லட்சம், 1.6 லட்சம் எனப் பிரித்துக்கொள்வது பாடநூல் வழக்கம்.