முடிச்சுப் போடும் கையை முடக்கும் பெனிசிலின்

பல் பிடுங்கிய பிறகு ஐந்து நாள் அமாக்சிசிலின் சாப்பிட்ட வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "இந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்கிறது என்கிறார்கள். ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் ஓடும்போது என் செல்களை மட்டும் எப்படி விட்டுவிடுகிறது?" மனிதச் செல்லுக்குச் சுவர் கிடையாது, பாக்டீரியாவுக்கு உண்டு என்ற பாதிப் பதில் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. சுவையெல்லாம் மீதிப் பாதியில்தான் என்பதால் அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன். அமாக்சிசிலின் என்பது பெனிசிலினில் சிறு மாற்றம் செய்து உருவாக்கிய மருந்துதான். ஆகவே பெனிசிலினைப் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும்.

கண்டுபிடிப்பின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1928 செப்டம்பரில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் ஸ்டாபிலோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்திருந்த தட்டு ஒன்றில் பூஞ்சணம் விழுந்து படர்ந்திருந்தது; அதன் அருகிலிருந்த பாக்டீரியாத் திட்டுகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்துகொண்டிருந்தன. "கரைந்தன" என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கே திரும்பி வருவோம். அந்தப் பூஞ்சணச் சாறு முயலுக்குத் தீங்கு செய்யவில்லை, ரத்த வெள்ளையணுக்களின் வேலையையும் கெடுக்கவில்லை என்பதை 1929இல் வெளிவந்த கட்டுரையிலேயே பிளெமிங் எழுதிவிட்டார். அதாவது, நம் வாசகரின் கேள்வி பெனிசிலின் தோன்றிய நாளிலிருந்தே அதனுடன் சேர்ந்து வருகிறது.

பாக்டீரியாவின் உள்ளே உப்புகளும் அமினோ அமிலங்களும் நெருக்கமாக அடைந்து கிடப்பதால், வெளியிலிருக்கும் நீர் சவ்வூடு பரவல் மூலம் ஓயாமல் உள்ளே புகப் பார்க்கிறது. ஸ்டாபிலோகாக்கஸில் இதனால் ஏற்படும் அழுத்தம் சுமார் 20 வளிமண்டலம், அதாவது கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. செல் சவ்வு இதைத் தனியாகத் தாங்காது. மிதிவண்டியின் டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்தால் அது உப்பிக்கொண்டே போய் வெடித்துவிடும். டயருக்குள் இருக்கும்போதுதான் அதே டியூப் ஆளின் எடையையும் சேர்த்துத் தாங்குகிறது. பாக்டீரியாவுக்குச் சவ்வு டியூப் என்றால் செல்சுவர் டயர்.

இந்த டயர் பெப்டிடோகிளைக்கன் என்ற பொருளால் ஆனது. இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சரங்கள் செல்லைச் சுற்றி ஓடுகின்றன. ஒரு வகைச் சர்க்கரை ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட குட்டை வால் ஒன்று தொங்குகிறது. ஒரு சரத்தின் வாலைப் பக்கத்துச் சரத்தின் வாலோடு முடிச்சுப் போட்டால்தான் சரங்கள் வலையாகும். முடிச்சு இல்லாவிட்டால் அவை வெறும் நூல்கள், அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை.

முடிச்சுப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வால்களை வேதிப் பிணைப்பால் இணைக்க ஆற்றல் வேண்டும். செல்லுக்குள்ளே அதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இருக்கிறது. ஆனால் சுவர் கட்டப்படுவதோ சவ்வுக்கு வெளியே, ஏடிபி எட்டாத இடத்தில். பாக்டீரியா இதற்குக் கண்ட வழியை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வாலையும் உள்ளேயே தயாரிக்கும்போது, அதன் முனையில் டி-அலனின் என்ற அமினோ அமிலத்தை ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து வெளியே அனுப்பிவிடுகிறது. அந்தக் கடைசி டி-அலனின் சுவரில் தங்கப் போவதில்லை. அது கட்டுச்சோறு, வெளியே போய் அவிழ்த்துச் செலவழிப்பதற்காக உள்ளேயே கட்டிக் கொடுத்த ஆற்றல்.

செலவழிப்பது டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதி. அதன் குழியில் செரின் என்ற அமினோ அமிலம் கைபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாலின் முனை குழிக்குள் வந்து அமர்ந்ததும், கடைசி இரண்டு டி-அலனின்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைச் செரின் தாக்கி உடைக்கிறது. கடைசி டி-அலனின் கழன்று மிதந்து போய்விடுகிறது. நான்காவதாக நின்ற டி-அலனின் இப்போது செரினைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. உடைந்த பிணைப்பின் ஆற்றல் இந்தத் தற்காலிகப் பிடிப்பில் சேமிப்பாக இருக்கிறது. கழன்று போனதால் காலியான இடத்தின் வழியாகப் பக்கத்து வாலின் கை உள்ளே நுழைகிறது. ஸ்டாபிலோகாக்கஸில் இது ஐந்து கிளைசின்களால் ஆன நீளக் கை. அது அந்த டி-அலனினைச் செரினிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. முடிச்சு விழுந்துவிட்டது, நொதி விடுபட்டு அடுத்த முடிச்சுக்குத் தயாராகிறது.

இப்போது பெனிசிலின் வருகிறது. அதன் மையத்தில், மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த பீட்டா-லாக்டம் என்ற சதுர வளையம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் டாரதி ஹாட்ஜ்கின் 1945இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் இதை உறுதிப்படுத்தினார். இந்த அணுக்களின் பிணைப்புகள் இயல்பாக விரும்பும் கோணம் 110 முதல் 120 பாகை வரை. சதுரத்தில் அவை ஏறத்தாழ 90 பாகைக்கு வளைக்கப்பட்டு, இழுத்துப் பிடித்த வில்லாக நிற்கின்றன. இந்த மூலக்கூறின் ஒட்டுமொத்த வடிவமும் இரண்டு டி-அலனின்கள் சேர்ந்த வால்முனையை ஒத்திருக்கிறது என்பதை 1965இல் டிப்பரும் ஸ்ட்ராமிங்கரும் சுட்டிக்காட்டினார்கள். நொதி ஏமாந்து அதைக் குழிக்குள் விடுகிறது, செரின் வழக்கம்போல் தாக்குகிறது, வளையம் தெறித்துத் திறந்து செரினோடு பிணைந்துகொள்கிறது.

இதுவரை எல்லாம் உண்மையான வாலுக்கு நடப்பதுதான். வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. உண்மையான வாலில் உடைந்த துண்டு கழன்று போய் இடம் கொடுத்தது. பெனிசிலினில் உடைவது ஒரு வளையம். அதன் ஒரு பிணைப்பு அறுந்தாலும் மறுபாதி மூலக்கூறின் எஞ்சிய பகுதியோடு ஒட்டியே இருக்கிறது. கழன்று போக முடியாத அந்தத் துண்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால், பக்கத்து வாலின் கை உள்ளே வர முடிவதில்லை, பிணைப்பை அறுக்கக்கூடிய நீர் மூலக்கூறுக்கும் வழியில்லை. இந்தப் பிடி தானாக விட மணிக்கணக்காகும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் பாக்டீரியாவுக்கு அது ஆயுள் தண்டனை.

முடிச்சு நின்றதும் சுவர் உடனே இடிந்துவிடாது. வளரும் செல், சுவரைப் பெரிதாக்குவதற்காகப் பழைய வலையை ஆங்காங்கே தன் நொதிகளாலேயே வெட்டிப் புதுச் சரங்களைச் செருகுகிறது. பெனிசிலின் நிறுத்துவது கட்டும் வேலையை மட்டுமே. வெட்டும் வேலை தொடர்கிறது. வெட்டுப்பட்ட டயரின் பிளவில் டியூப் பிதுங்குவதுபோல் ஓரிடத்தில் செல் புடைத்து, பிறகு வெடிக்கிறது. பிளெமிங்கின் தட்டில் திட்டுகள் கரைந்தன என்றோமே, அது இதுதான்.

கொல்வது அழுத்தமே என்பதற்கு 1956இல் ஜோஷுவா லெடர்பெர்க் அழகான சான்று கொடுத்தார். ஈ.கோலை பாக்டீரியாவை அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் வைத்துப் பெனிசிலின் கொடுத்தார். வெளியேயும் கரைசல் கெட்டியாக இருந்ததால் நீர் உள்ளே பாயவில்லை. குச்சி வடிவச் செல்கள் சுவரை இழந்து உருண்டைகளாயின, ஆனால் சாகவில்லை. அதே உருண்டைகளைச் சாதாரண நீர்மத்தில் இட்டால் வெடித்தன. பெனிசிலினை அகற்றியபோதோ மீண்டும் குச்சிகளாக வளர்ந்தன.

இதிலிருந்து மருத்துவத்துக்கு நேராகப் பயன்படும் விளைவு ஒன்று உண்டு: வளராமல் உறங்கிக் கிடக்கும் பாக்டீரியாவைப் பெனிசிலின் பெரிதாக எதுவும் செய்வதில்லை. வெட்டு இல்லாத இடத்தில் முடிச்சுக்கும் தேவையில்லை. 1951இல் நியுமோகாக்கஸ் மூளையுறை அழற்சி நோயாளிகளுக்குப் பெனிசிலினோடு, பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தும் ஆரியோமைசினையும் சேர்த்துக் கொடுத்தபோது, பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட இறந்தவர்கள் அதிகம். இரண்டு மருந்து ஒன்றைவிட மேல் என்று கேட்டு வாங்குபவர்களிடம் இதை நான் எப்போதும் சொல்வதுண்டு.

இனி வாசகரின் செல்களுக்கு வருவோம். நம் செல்கள் வாழ்வது ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு இணையான சூழலில். அந்தச் செறிவைச் சிறுநீரகம் காத்துக்கொள்கிறது, செல்களும் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைக்கின்றன. டயர் தேவையில்லாத டியூப்கள் அவை. சுவர் இல்லையென்றால் முடிச்சும் இல்லை, முடிச்சுப் போடும் நொதியும் இல்லை. மேலும், அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல எல், டி என்று இரண்டு வடிவங்கள் உண்டு. நம் புரதங்கள் கட்டப்படுவது எல்-வடிவத்தால். நம் உடலில் புரதங்களை வெட்டும் நொதிகளின் குழிகளும் அதற்கேற்ப அமைந்தவை என்பதால், டி-அலனின் வேடமிட்ட மூலக்கூறு அவற்றில் பொருந்துவதில்லை. 1941இல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் ஏற்றியபோது கையிருப்பு போதாமல், அவருடைய சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். மருந்தின் பெரும்பகுதி மனித உடலில் பற்றிக்கொள்ள எதையும் காணாமல், வந்த உருவிலேயே வெளியேறியிருந்தது. அப்படியும் கையிருப்பு தீர்ந்துபோய், தேறிவந்த அவர் மார்ச் மாதம் இறந்தார்.

ஆனாலும் "விட்டுவிடுகிறது" என்பது முழு உண்மையல்ல. இழுத்துப் பிடித்த அந்த வளையம், ரத்தப் புரதங்களிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மீதும் எப்போதாவது தெறித்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் அந்தப் புரதத்தின் வேலை கெடுவதில்லை. ஆனால் சிலருடைய நோயெதிர்ப்பு அமைப்பு, பெனிசிலின் ஒட்டிய புரதத்தை அந்நியமாகக் கண்டு கிளர்ந்தெழுகிறது. பெனிசிலின் ஒவ்வாமை என்பது இதுதான். சளிக்காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை நான் கண்டிப்பதற்கு இது ஒரு காரணம்; வைரஸுக்குச் சுவரே கிடையாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பாக்டீரியாவின் எதிர்த் தந்திரமும் அதே செரினைக் கொண்டே நடக்கிறது. பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதிகளில் பெரும்பாலானவை பெனிசிலினைச் செரினால்தான் பிடிக்கின்றன. ஆனால் அவற்றின் குழியில் நீர் மூலக்கூறு ஒன்று சரியான இடத்தில் காத்திருந்து, பிணைப்பை நொடியில் அறுத்துவிடுகிறது. நொதி விடுபடுகிறது, வளையம் உடைந்த பெனிசிலின் குப்பையாகிறது. வாசகர் தன் மாத்திரை அட்டையில் 625 என்ற எண்ணைப் பார்த்திருந்தால், அதில் 500 மில்லிகிராம்தான் அமாக்சிசிலின். மீதி 125 கிளாவுலானிக் அமிலம். அதனிடமும் ஒரு பீட்டா-லாக்டம் வளையம் இருக்கிறது; ஆனால் அது குறி வைப்பது பாக்டீரியாவின் சுவரையல்ல, பீட்டா-லாக்டமேஸின் செரினை.