37 சதவீத ஈவுத்தொகை எங்கிருந்து வந்தது?

பங்கு விலைப் பக்கத்தில் 'டிவிடெண்ட் ஈல்டு' 30 சதவீதத்தைத் தாண்டிய பங்கை வாங்கினால், ஆண்டுதோறும் அதே வருமானம் கிடைக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேதாந்தா நிறுவனத்தின் 2022-23 நிதியாண்டுக் கணக்கைப் பார்த்தால் விடை தெளிவாகும்.

அந்த எண் ஒரு எளிய வகுத்தல்தான். பெரும்பாலான தளங்கள், கடந்த 12 மாதங்களில் ஒரு பங்குக்கு வழங்கப்பட்ட ஈவுத்தொகையை இன்றைய சந்தை விலையால் வகுத்து 100ஆல் பெருக்குகின்றன. இதில் என்னை மிகவும் கவர்வது, தொகுதியும் பகுதியும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை என்பதே. மேலே இருப்பது நடந்து முடிந்தது. கீழே இருப்பதோ, வருங்காலத்தைப் பற்றிச் சந்தை இன்று கொண்டிருக்கும் மதிப்பீடு. 200 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய் வழங்கியிருந்தால் ஈல்டு 5 சதவீதம். மோசமான செய்தி ஒன்றால் விலை 100 ரூபாய்க்குச் சரிந்தால், நிறுவனம் ஒரு பைசா கூடுதலாகத் தராமலே அது 10 சதவீதமாகிவிடும். அடுத்த ஈவுத்தொகை குறையும் என்று அஞ்சித்தான் சந்தை விலையைக் குறைத்தது. அந்த அச்சமே பக்கத்தில் கவர்ச்சியான எண்ணாகத் தெரிகிறது.

வேதாந்தாவில் பெரிதானது தொகுதி. அந்த நிதியாண்டில் அது 31.50, 19.50, 17.50, 12.50, 20.50 ரூபாய் என ஐந்து முறை இடைக்கால ஈவுத்தொகை அறிவித்தது, மொத்தம் 101.50 ரூபாய். 2023 மார்ச் இறுதியில் பங்கின் விலை சுமார் 275 ரூபாய் என்பதால், ஈல்டு ஏறக்குறைய 37 சதவீதம். ஆனால் அந்த ஆண்டு ஒரு பங்குக்குக் கிடைத்த லாபம் 30 ரூபாயைக்கூட எட்டவில்லை. லாபத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வெளியே சென்றது. நிறுவனத்தின் நிகரக் கடனும் அந்த ஓராண்டில் பெருமளவு உயர்ந்தது. பங்குகளில் மூன்றில் இரு பகுதிக்கு மேல் வைத்திருந்த தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் தன் கடன்களை அடைக்கப் பணம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த நிதியாண்டில் 18.50, 11 ரூபாய் என மொத்தம் 29.50 ரூபாய்தான் அறிவிக்கப்பட்டது. 37 சதவீதத்தை நம்பி 275 ரூபாய்க்கு வாங்கியவருக்கு, அந்த ஆண்டின் அறிவிப்புகளால் கிடைத்தது 11 சதவீதத்துக்கும் குறைவு.

இதை முன்கூட்டியே கணிக்கப் பெரிய நிபுணத்துவம் வேண்டியதில்லை. ஈவுத்தொகைக்குப் பக்கத்தில் பங்கு ஒன்றுக்கான லாபத்தை, அதாவது இபிஎஸ்ஸை, வைத்துப் பார்க்க வேண்டும். ஈவுத்தொகை அதைவிடப் பெரிதென்றால், மீதம் பழைய சேமிப்பிலிருந்தோ, சொத்து விற்பனையிலிருந்தோ, கடனிலிருந்தோதான் வந்திருக்க முடியும். பணப்புழக்க அறிக்கையும் கடன் நிலவரமும் எது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஈல்டை அச்சிடும் ஒவ்வொரு தளமும் இபிஎஸ்ஸையும் அதே வரியில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஈவுத்தொகை வழங்கப்பட்டதும் அந்தப் பணம் நிறுவனத்தில் இல்லை என்பதும் அந்த எண்ணில் தெரியாது. அறிவித்த ஈவுத்தொகைக்கான உரிமை இல்லாமல் பங்கு விற்பனையாகத் தொடங்கும் எக்ஸ்-டிவிடெண்ட் நாளில், மற்ற காரணங்கள் குறுக்கிடாவிட்டால், பங்கின் விலை ஏறத்தாழ அதே அளவு இறங்கும். கைக்கு வந்த தொகைக்கோ, இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல், முதலீட்டாளரே தம் வருமான வரி விகிதப்படி வரி கட்ட வேண்டும்.