டோரில் வந்த முறைப்பாடும் ஐந்தரை மணி நேரமும்

மட்டக்களப்பில் ஒரு நிறுவனத்தின் நெட்வேர்க்கைப் பார்ப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரக் கணக்கும் நான் தேடிய விதமும் அப்படியே இருக்கின்றன.

எங்கள் இணையத்தளத்தில் முறைப்பாடு செய்ய ஒரு படிவம் உண்டு. பெயர் போட வேண்டியதில்லை. ஒரு நாள் அதில் களஞ்சியக் கொள்வனவு பற்றி நீளமாக ஒரு முறைப்பாடு வந்தது. கூடவே ஒரு பற்றுச்சீட்டின் போட்டோவும் இருந்தது. அடுத்த நாள் காலையில் பெரியவர் கூப்பிட்டார்.

“தம்பி, இது எங்கட ஆக்கள்ல ஒராள்தான் போட்டது. ஆர் என்று பார்த்துச் சொல்லும்.”

“பார்க்கிறேன் சேர்” என்று சொல்லிவிட்டு வந்து இணையத்தள சேர்வரின் லொக்கைத் திறந்தேன். வந்த ஐபி முகவரி ஏதோ ஒரு ஐரோப்பிய நாட்டுடையது. இணையத்தில் ஆள் யாரென்பதை மறைக்கும் டோர் என்ற வலையமைப்பின் திட்டத்தினர் நடத்தும் ExoneraTor என்ற பக்கத்தில் ஒரு முகவரியையும் திகதியையும் கொடுத்தால், அன்று அது டோரின் கணினியாக இருந்ததா என்று சொல்லும். ஆம் என்றது. சரி, டோர் என்றால் கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு டோர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பிறந்த யோசனை இது. உங்கள் போனிலுள்ள டோர், உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் சில ஆயிரம் கணினிகளிலிருந்து மூன்றைத் தெரிந்தெடுக்கிறது. மூன்றோடும் தனித்தனியாக ஒரு சாவியை உண்டாக்கிக்கொள்கிறது. பிறகு கடிதத்தை ஒரு உறைக்குள் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் போட்டு, அதையும் மூன்றாவது உறைக்குள் போட்டு அனுப்புகிறது. முதல் கணினி வெளி உறையைப் பிரிக்கும். உள்ளே அடுத்தவரின் முகவரி மட்டும்தான் இருக்கும். இப்படி ஒவ்வொருவரும் ஒரு தோலை உரிப்பதால்தான் The Onion Router, அதாவது டோர், என்ற பெயரில் வெங்காயம் வந்தது.

இதில் யாருக்கு என்ன தெரியும் என்பதுதான் விஷயம். முதல் கணினியான வாசல்காரருக்கு உங்கள் ஐபி தெரியும், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினியான வெளிவாசல்காரருக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியது யார் என்று தெரியாது. நடுவிலிருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. உறைகளின் அளவைப் பார்த்து எவரும் ஊகிக்கக் கூடாது என்பதற்காக எல்லாம் 514 பைட் துண்டுகளாகவே போகும். வாசல்காரரை டோர் அடிக்கடி மாற்றாது, மாதக்கணக்கில் ஒருவரையே வைத்திருக்கும். தினமும் புதியவரைப் பிடித்தால் என்றோ ஒருநாள் கெட்டவரிடம் மாட்டுவது நிச்சயம் என்பதே காரணம்.

மறைப்பு பலமானதுதான். ஆனால் டோர் உறைகளைத் தாமதிக்காது, கலைத்துப் போடாது. வந்த வேகத்திலேயே கடத்திவிடும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் திறக்க அரை நாள் போய்விடும். இந்த வேகத்துக்கான விலை என்னவென்று புரிய, புளியந்தீவை நினைத்துப் பாருங்கள். தீவிலிருந்து வெளியே போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பாலத்தைத் தாண்டியே ஆக வேண்டும். ஒருவர் பாலத்தில் நின்று போகிற மோட்டார் சைக்கிள்களின் நேரத்தைக் குறிக்கிறார், இன்னொருவர் கல்முனையில் நின்று வருகிறவற்றைக் குறிக்கிறார் என்று வையுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஹெல்மெட் போட்டிருக்கலாம், நடுவில் எந்த ஒழுங்கையால் போனார்கள் என்று தெரியாமலும் இருக்கலாம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால், வீதியில் கூட்டம் இல்லாத நேரத்தில் யார் யாரென்று புலப்பட்டுவிடும். இரண்டு முனையையும் பார்க்கக்கூடியவரிடமிருந்து தங்களால் காப்பாற்ற முடியாது என்று டோரை உருவாக்கியவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பொதுவாக அப்படிப் பார்க்க ஒரு பெரிய அரசாங்கம் வேண்டும் என்று நினைப்போம்.

என் மேசையில் இரண்டு தாளும் இருந்தன. முறைப்பாடு வந்து சேர்ந்த இணையத்தளம் எங்களுடையது. அனுப்பியவர் எங்கள் வைஃபையிலிருந்து அனுப்பியிருந்தால் புறப்பட்ட பாலமும் எங்களுடையதுதான்.

சேர்வர் லொக்கின்படி 04:42க்குப் படிவம் திறக்கப்பட்டது, 04:46க்கு 2.3 எம்பி போட்டோ ஏறியது. விடியப்புறம் நாலே முக்காலுக்கு வைஃபையில் யார் இருந்தது என்று, சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபியின் லொக்கில் பார்த்தேன். ஒரேயொரு போன்தான். அதன் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இரவுக் காவலாளியுடையது. அந்த இடத்தில் நான் எழுந்து போய் பெரியவரிடம் சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு அன்றோடு வேலை போயிருக்கும்.

போகாமல் விட்டதற்கு என் நல்ல குணம் ஒன்றும் காரணமில்லை. அந்தப் போன் டோருக்குப் போனதா என்று ஃபயர்வோலிலும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது, அவ்வளவுதான். பார்த்தால் யூடியூபைத் தவிர ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது. இணையத்தள சேர்வர் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்தது, அதன் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசி. எங்கள் ஃபயர்வோலும் டிஎச்சிபியும் இலங்கை நேரம். ஐந்தரை மணி கூட்டினால் 04:46 என்பது காலை 10:16. காரியாலயம் நிறைந்திருக்கும் நேரம்.

மறுபடி தொடங்கினேன். இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. நெட்வேர்க்குக்குள் டோர் பாவிப்பவரைத் தேட, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் வெளிவாசல் பட்டியலை எடுத்து ஃபயர்வோலில் போட்டுவிடுவார்கள். அது எதிர்த் திசைக்கானது. உள்ளிருந்து போகிறவர் முதலில் தொடுவது வாசல்காரரை. வெளிவாசல் பட்டியல் உதவுவது நம் சேர்வருக்கு வெளியிலிருந்து வருபவரை அறியத்தான்.

```
# நம் சேர்வருக்கு உள்ளே வருபவை
curl -s https://check.torproject.org/torbulkexitlist
# நம்மிடமிருந்து வெளியே போபவை
curl -s "https://onionoo.torproject.org/details?flag=Guard&running=true&fields=or_addresses"
```

இவை இன்றைய பட்டியல்கள். பழைய நாளொன்றைப் பார்க்க, மணிக்கு மணி சேமித்துவைக்கும் CollecTor காப்பகத்துக்குப் போக வேண்டும். அந்த நாளின் பட்டியலோடு எந்தச் சாதனம் எங்கே எவ்வளவு அனுப்பியது என்று குறிக்கும் எங்கள் ஃப்ளோ பதிவுகளைப் பொருத்தியபோது, 10:16க்கு வாசல்காரர்களோடு தொடுப்பிலிருந்தவை இரண்டே சாதனங்கள். ஒன்று சும்மா இருந்தது, அந்த நிமிடத்தில் சில கிலோபைட் மட்டும். மற்றது அதே நிமிடத்தில் ஏறக்குறைய 2.5 எம்பி வெளியே அனுப்பியிருந்தது. 2.3 எம்பி போட்டோவை உறைகளில் போட்டால் கொஞ்சம் கூடும், கணக்கு சரியாக வருகிறது. ஒரு பூட்டும் உடைக்கப்படவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் டோர் பாவித்தவர்கள் இரண்டு பேர் என்பதுதான் அந்த ஆளைக் காட்டிக்கொடுத்தது.

2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்த பொய்யான குண்டு மிரட்டல் மின்னஞ்சல்களிலும் இதுதான் நடந்தது. அனுப்பிய மாணவர் டோர் பாவித்திருந்தார். ஆனால் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து பாவித்தார். அந்த மணித்தியாலங்களில் டோருக்குப் போனவர்களைத் தேடியபோது அவர் அகப்பட்டார். லொக் காட்டியது அவர் டோர் பாவித்தார் என்பதை மட்டும்தான். மிரட்டலை அனுப்பியது தான்தான் என்று விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார்.

டோர் பாவிப்பதையே மறைக்கவும் வழியுண்டு. பட்டியலில் இல்லாத பிரிட்ஜ் என்ற வாசல்கள் இருக்கின்றன. Snowflake என்ற முறையில் எல்லாம் வீடியோ அழைப்புப் போலத் தெரியும். பிரிட்ஜ் இல்லாத சாதாரண டோருக்குப் பட்டியலை விட ஒரு நல்ல அடையாளம் உண்டு. டோர், டிஎல்எஸ் என்ற பூட்டிய தொடுப்பின் தொடக்கத்தில் `www.` என்று தொடங்கி `.com` என்று முடியும், நடுவில் அர்த்தமில்லாத எழுத்துகள் கொண்ட ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயரை, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விலாசம் விசாரிக்காமலே வீட்டுக்கு நேரே போகிறவரைப் போல.

இனி, எங்கள் நெட்வேர்க்கில் டோரை எப்படி நடத்துகிறோம் என்பது. முழுக்கத் தடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் இடத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன். சேர்வர்களும் கணக்குப் பகுதிக் கணினிகளும் இருக்கும் பகுதியில் டோர் தொடுப்பு ஒன்று வந்தாலும் தடுத்து, எனக்கு உடனே அறிவித்தல் வரும். அங்கே இரவு இரண்டு மணிக்கு டோரைத் தேட எந்த மனிதருக்கும் தேவையில்லை. 2017இல் உலகைக் கலக்கிய வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் தன்னோடு டோரைக் கொண்டுவந்து அதனூடாகத்தான் எஜமானோடு பேசியது. அப்படியான கணினியை நான் முதலில் நெட்வேர்க்கிலிருந்து கழற்றுவேன், ஆனால் நிற்பாட்ட மாட்டேன். நிற்பாட்டினால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும்.

ஹொஸ்டல் வைஃபையில் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறோம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கோடு சமூக வலைத்தளங்களும் முடக்கப்பட்டபோது பிள்ளைகள் விபிஎன், டோர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டார்கள். அன்று அங்கே அறிவித்தல் வைத்திருந்தால் ஃபேஸ்புக் பார்க்க ஆசைப்பட்ட அத்தனை பேரும் குற்றவாளிகள்.

வெளியிலிருந்து டோர் வழியாக வருபவர்களில், ஊழியர் லொகின் பக்கத்துக்கு வருபவரிடம் இரண்டாவது சரிபார்ப்புக் கேட்போம். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தொல்லை அங்கேதான் அதிகம். முறைப்பாட்டுப் படிவத்தை டோருக்குத் திறந்தே விட்டிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டு டோரை மறிப்பது வாசலைத் திறந்து நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எல்லாக் கடிகாரங்களையும் யூடிசிக்கு மாற்றிவிட்டேன்.

அன்று என்னிடம் இருந்தது உள் ஐபி ஒன்று. அதை டிஎச்சிபியோடும் வைஃபை லொகினோடும் சேர்த்தால் ஒரு பெயர் வரும். நான் சேர்க்கவில்லை. எங்கள் விதிப்படி இந்தப் பதிவுகளைப் பார்ப்பது பாதுகாப்புச் சம்பவங்களுக்கு மட்டும். யாரோ பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியது தாக்குதல் இல்லை. இவ்வளவு தூரம் தேடியதே என் பிழை.

பெரியவரிடம் போய், “டோர் வழியாக வந்திருக்கு சேர். மேலே பார்க்கிறதென்றால் எழுத்தில வேணும், என்ன காரணத்துக்கு என்றும் போட வேணும்” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “சரி, பார்ப்பம்” என்றார்.

எங்கள் ஃப்ளோ பதிவுகள் 30 நாளில் தானாக அழியும். அதுவரை கடிதம் எதுவும் வரவில்லை.