காலித் தொட்டியைத்தான் காற்று முதலில் சோதிக்கும்

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் வடிவமைப்பில் பெரும்பாலான கவனம் தண்ணீரின் எடை மீதே விழுகிறது. தூணின் அளவும் அடித்தளத்தின் பரப்பும் தொட்டி நிரம்பியிருக்கும் நிலைக்குத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. அது சரியே. ஆனால் காற்றுக்கு எதிராக அதே தொட்டியைச் சரிபார்க்கும்போது காலியாக இருக்கும் நிலையையும் தனியாகக் கணக்கிட வேண்டும். தூணில் இழுவிசை வருமா, அடித்தளம் ஒரு பக்கம் மண்ணை விட்டுக் கிளம்புமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காலித் தொட்டியில்தான் இருக்கிறது.

கடலூர்க் கரையோரத்தில் ஒரு லட்சம் லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்ட வடிவம், உள்விட்டம் 6 மீட்டர், வெளிவிட்டம் 6.3 மீட்டர். தொட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாங்க 400 மி.மீ. விட்டமுள்ள ஆறு தூண்கள், 5 மீட்டர் விட்ட வட்டத்தில் சம இடைவெளியில் நிற்கின்றன. தரை மட்டத்தில் ஒரு சுற்றும், 4, 8 மீட்டர் உயரங்களில் இரண்டு சுற்றும் தூண்களை இணைக்கும் பிரேஸ் பீம்கள். தரைக்குக் கீழே 1.5 மீட்டரில், 7 மீட்டர் விட்டமும் 50 செ.மீ. கனமும் கொண்டு எல்லாத் தூண்களையும் ஒன்றாகத் தாங்கும் வட்ட ராஃப்ட் அடித்தளம்.

இதன் எடைகளை டன்னில் வைத்துக்கொள்வோம். ஒரு டன் விசை ஏறக்குறைய 10 கிலோநியூட்டன். சுவர், தளம், மேல்மூடி, பீம்கள் சேர்ந்து காலித் தொட்டி 65 டன். தூண்கள் 25, பிரேஸ் பீம்கள் 11. ஆக ராஃப்ட்டுக்கு மேலே 101 டன், தூணுக்கு 16.8 டன். தண்ணீர் நிரம்பினால் இன்னொரு 100 டன் ஏறி, தூணுக்கு 33.5 டன் ஆகும். தாங்கும் கட்டமைப்பு முழுவதன் எடைக்கு நிகராகத் தண்ணீர் ஒன்றே வந்து போகிறது என்பதைக் கவனியுங்கள். வேறு எந்தச் சாதாரணக் கட்டடத்திலும் எடை இப்படிப் பாதியாகக் குறைவதில்லை.

காற்றின் விசையை இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியிலிருந்து எடுக்கிறோம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அது தரும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். கடலூருக்கும் அதையே கொள்ளலாம். கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர்தான். அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், கோவைக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே கடலூரில் கட்டினால் காற்றழுத்தம் 64 சதவீதம் கூடுதலாக இருக்கும். ஓரிடத்து மாதிரி வரைபடத்தை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோகும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

```
Vz = Vb × k1 × k2 × k3 × k4
pz = 0.6 × Vz²   (N/m²)
```

இதில் Vb அடிப்படை வேகம், Vz நமக்குத் தேவையான உயரத்தில் வேகம், pz அங்குள்ள அழுத்தம். k-க்கள் வேகத்தைத் திருத்தும் காரணிகள், அவற்றில் k2 உயரத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்தது. திறந்த வெளியில் 15 மீட்டர் உயரத்துக்கு k2 = 1.05. மற்ற காரணிகளை இப்போதைக்கு 1 என்று வைத்தால் வேகம் 52.5 மீட்டர், அழுத்தம் சதுர மீட்டருக்கு 165 கிலோ. தரையிலிருந்து 10 மீட்டர் வரை அது 150 கிலோ. உருளை வடிவத்தைச் சுற்றிக் காற்று வழுக்கிப் போவதால் 0.7 என்ற வடிவக் காரணி வழக்கமாகப் பயன்படுகிறது. தொட்டியின் எதிர்முகப் பரப்பு ஏறக்குறைய 29 சதுர மீட்டர். அதன் மேல் 3.4 டன். ஆறு தூண்கள் மேல் 3 டன். பிரேஸ் பீம்கள் தட்டை முகம் கொண்டவை என்பதால் அவற்றுக்கு 0.7 குறைப்புக் கிடையாது. இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 1.2 டன். மொத்தம் 7.6 டன். சுழல் படிக்கட்டு, தடித்த குழாய்கள், மேலே பொருத்திய விளம்பரப் பலகை ஆகியவற்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பலகைக்குத் தனியாகக் கணக்கு வேண்டும். அது உயரத்தில் இருக்கும் தட்டைப் பரப்பு.

இந்த 7.6 டன் தூண்களை இரண்டு வகையில் பாதிக்கிறது. முதலாவது, கட்டமைப்பு முழுதும் சாய முயல்வதால், காற்று வரும் பக்கத் தூண் இழுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கத் தூண் அழுத்தப்படுகிறது. ராஃப்ட்டுக்கும் தரைமட்ட பீமுக்கும் இடையிலான அடிக்கட்டத்தின் நடுவில் தூண்களின் வளைவு ஏறக்குறைய சுழியமாகிறது. அந்த மட்டத்தைச் சுற்றி மேலுள்ள காற்று விசைகளின் திருப்புத்திறனை எடுத்தால், அதை அச்சு விசைகள் மட்டுமே தாங்க வேண்டும். நம் தொட்டிக்கு அது 79.5 டன்-மீட்டர். வட்டத்தில் நிற்கும் n தூண்களில் அதிகபட்ச அச்சு விசைக்கு எளிய சூத்திரம் உண்டு:

```
N = 2M / (n × r)
```

ஆறு தூண், ஆரம் 2.5 மீட்டர் என்று போட்டால் 10.6 டன். காற்று ஒரு தூணுக்கு நேராக வீசும்போது கிடைக்கும் எண் இது. இரண்டு தூண்களின் இடைவெளிக்கு நேராக வீசினால் சற்றுக் குறையும்.

இரண்டாவது, கிடைவிசை தூண்களை வளைக்கிறது. தரைக்கும் முதல் பிரேஸுக்கும் இடையே வெட்டு விசை 7.1 டன். இதை ஆறால் வகுத்துத் தூணுக்கு 1.2 டன் என்று எழுதுவதுதான் மாணவர்களின் கணக்குகளில் அடிக்கடி பார்க்கும் பிழை. வட்ட அமைப்பில் எல்லாத் தூண்களும் சமமாகப் பகிர்வதில்லை. பக்கவாட்டுத் தூண்களுடன் சேரும் பீம்கள் காற்றின் திசையை ஒட்டி ஓடுவதால், அந்தத் தூண்களின் மூட்டு திரும்பாமல் இறுகிப் பிடிக்கப்படுகிறது. விசையும் அங்கே அதிகம் போகிறது. முன்னும் பின்னும் நிற்கும் தூண்களின் பீம்கள் காற்றுக்குக் குறுக்கே போவதால் அந்தப் பிடிப்பு குறைவு. எனவே பக்கவாட்டுத் தூணுக்குச் சராசரியின் இரு மடங்கு, அதாவது 2.4 டன் கொள்ள வேண்டும். கட்டத்தின் உயரம் 4 மீட்டர். பாதி உயரமான 2 மீட்டரால் பெருக்கினால் வளைவுத் திருப்புத்திறன் 4.7 டன்-மீட்டர். நடுவில் ஒரு பிரேஸ் சுற்றைச் செலவு மிச்சம் என்று நீக்கினால் கட்டம் 8 மீட்டராகும், இந்த எண்ணும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

பிரேஸ் பீமின் நிலையும் இதிலிருந்தே வருகிறது. 4 மீட்டர் மட்டத்தில் பக்கவாட்டுத் தூணுக்குக் கீழிருந்து 4.7, மேலிருந்து 3.7, ஆக 8.4 டன்-மீட்டர் வந்து சேர்கிறது. இதை அந்த மூட்டில் சேரும் இரண்டு பீம்களும் வாங்க வேண்டும். காற்று எத்திசையிலிருந்தும் வரும். ஆகவே பீமில் மேல்கம்பியும் கீழ்கம்பியும் சமமாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டு பீம் போல மேலே இரண்டு தொங்கு கம்பி மட்டும் போட்டு விட்டால், மூட்டின் அருகே பீமில் செங்குத்து விரிசல் விழும். பழைய தொட்டிகளில் காற்றின் பாதிப்பைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இப்போது விசைகளைச் சேர்ப்போம். தொட்டி நிரம்பியிருக்கையில் எதிர்ப்பக்கத் தூணில் 33.5 + 10.6 = 44 டன் அழுத்தம். 400 மி.மீ. தூணுக்கு இது பெரிய சுமையல்ல. காலியாக இருக்கையில் காற்று வரும் பக்கத் தூணில் 16.8 − 10.6 = 6.2 டன் அழுத்தம் மிஞ்சுகிறது. இங்கே நிறுத்தினால் எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் கான்கிரீட்டுக்கான தரநிலையான ஐ.எஸ். 456 கேட்பது வேறு. எடை நமக்கு உதவும் இடத்தில் அதை 0.9 மடங்காகக் குறைக்க வேண்டும், காற்றை 1.5 மடங்காகக் கூட்ட வேண்டும். அப்போது 15.1 − 15.9; தூண் 0.8 டன் இழுவிசைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு முடிவு பாக்கி. 2015 திருத்தத்தில் கிழக்குக் கரையோரத்துக்கு k4 என்ற புயல் முக்கியத்துவக் காரணி வந்தது. புயலுக்குப் பிறகும் இயங்கியாக வேண்டிய கட்டுமானங்களுக்கு அது 1.3. குடிநீர்த் தொட்டியை அந்த வகையில் சேர்ப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த இந்தக் கடற்கரையில் அதற்கு மேல் காரணம் தேவையில்லை. வேகத்தில் 1.3 என்பது விசையில் 1.69. அச்சு விசை 17.9 டன் ஆகிறது. குறைப்பும் கூட்டலும் செய்தபின் தூணில் ஏறக்குறைய 12 டன் இழுவிசை.

இந்த இழுவிசைக்குத் தேவையான கம்பி 270 சதுர மி.மீ. தூணில் ஆறு 16 மி.மீ. கம்பிகள் இருந்தாலே 1,200 சதுர மி.மீ. இருக்கிறது, பக்கவாட்டுத் தூணின் வளைவுக்கு எப்படியும் இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். அப்படியானால் சிக்கல் எங்கே? ஒரு கம்பியின் மேல் அடுத்த கம்பியை ஒட்டி நீட்டும் லேப்பில். எம்30 கான்கிரீட்டில் எஃப்இ500 கம்பிக்கு, அழுத்தத்தில் இருக்கும் தூணின் லேப் 36 மடங்கு விட்டம், அதாவது 16 மி.மீ. கம்பிக்கு 58 செ.மீ. போதும். நேரடி இழுவிசை என்றால் ஐ.எஸ். 456 அதை இழுவிசைக்கான பிடிப்பு நீளத்தின் இரு மடங்காக்குகிறது: 145 செ.மீ. தூண் என்றாலே அழுத்தம் என்ற பழக்கத்தில் 60 செ.மீ. லேப்பை, அதுவும் எல்லாக் கம்பிக்கும் ஒரே மட்டத்தில், தரைமட்ட பீமுக்கு மேலேயே போட்டுவிடுகிறார்கள். இழுவிசையும் வளைவும் மிக அதிகமாக இருப்பது அந்தப் பகுதியில்தான். லேப்பைக் கட்டத்தின் நடுவுக்குக் கொண்டுபோய், ஒன்றுவிட்டு ஒன்றாகப் படிப்படியாக வைத்து, அந்த நீளத்தில் ரிங்குகளை நெருக்கிக் கட்ட வேண்டும்.

கவிழ்வுக்கு வருவோம். ராஃப்ட்டின் அடியில் காற்றின் திருப்புத்திறன் 89 டன்-மீட்டர், k4 சேர்த்தால் 150. ராஃப்ட் எடை 48 டன். காலித் தொட்டியுடன் 149 டன். ராஃப்ட்டின் விளிம்பைச் சுற்றி இதன் தடுப்புத்திறன் 149 × 3.5 = 522 டன்-மீட்டர். விதிப்படி 0.9 ஆல் குறைத்தால் 470, கவிழ்வை 1.4 ஆல் கூட்டினால் 210. நிறையவே மிஞ்சுகிறது.

ஆனாலும் இந்த எண்ணோடு திருப்தியடையக் கூடாது. தொட்டி கவிழ்வதற்கு வெகு முன்பே ராஃப்ட்டின் ஓரம் மண்ணிலிருந்து விலகத் தொடங்கும். வட்ட ராஃப்ட்டில் விளைவு விசை மையத்திலிருந்து விட்டத்தின் எட்டில் ஒரு பங்குக்குள், இங்கே 87 செ.மீ.க்குள் விழுந்தால்தான் முழுப் பரப்பும் மண்ணைத் தொட்டிருக்கும். 150-ஐ 149-ஆல் வகுத்தால் 1.01 மீட்டர், எல்லை தாண்டிவிட்டது. ராஃப்ட்டின் மேல் நிரப்பிய 1.5 மீட்டர் மண்ணின் எடை 98 டன்னைச் சேர்த்தால் 61 செ.மீ. ஆகி நிம்மதி கிடைக்கிறது. அந்த மண் முறையாகக் கெட்டிக்கப்பட்டு, பிறகு குழாய்க்காகத் தோண்டப்படாமல் இருக்கும்வரைதான் இந்த நிம்மதி. புயல் நேரத்தில் நிலத்தடி நீர் தரை மட்டத்துக்கு ஏறிவிட்டால், மேல்நோக்கிய தண்ணீர் அழுத்தம் 77 டன்னைக் குறைத்துவிடும். மிஞ்சுவது 170 டன். விலகல் 88 செ.மீ., எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. கரையோரத் தாழ்நிலத்தில் இந்த நிலையை விட்டுவிட்டுப் போடும் கணக்கு முழுமையானதல்ல. இந்தத் தொட்டிக்கு ராஃப்ட்டை 7.5 மீட்டராக்குவதே என் தேர்வாக இருக்கும்.

நிரம்பிய தொட்டிக்கு மண்ணழுத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்: 7 மீட்டர் ராஃப்ட்டில் மொத்தம் 347 டன், சராசரி சதுர மீட்டருக்கு 9 டன், காற்றினால் 4.5 கூடி ஒரு விளிம்பில் 13.5 டன். நிலநடுக்கத்துக்கும் நிரம்பிய நிலையே பெரும்பாலும் கடுமையானது. அது தனிக் கணக்கு.

ஏற்கெனவே நிற்கும் தொட்டியின் லேப் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்காகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புயலின்போது மின்சாரம் நின்று மோட்டார் ஓடாமல், மக்கள் தண்ணீரைப் பிடித்து முடித்து, காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் தொட்டி காலியாகிவிடும் வாய்ப்பு மிக அதிகம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொட்டியை நிரப்பி, வெளியேற்றும் வால்வை மூடி வைத்தால், k4 சேர்த்த காற்றிலும் அந்தத் தூணில் 33.5 − 17.9 = 15.6 டன் அழுத்தம் மிஞ்சும். காற்று ஓய்ந்தபின் வால்வைத் திறந்து விநியோகிக்கலாம். ஆனால் அடிப்பகுதித் தூண்களில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் நிரப்பச் சொல்லக் கூடாது. அங்கே கூடுதல் 100 டன்னே ஆபத்து. அப்படிப்பட்ட தொட்டியின் அருகிலுள்ள வீடுகளைக் காலி செய்ய வேண்டும்.