ஒரு வரி நழுவிய தேதி

காகிதத்தில் அச்சிட்ட சுயவிவரத்தைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதிலிருந்து கல்வி, அனுபவம், திறன்கள் மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய புலத்தில் எழுதவேண்டும். எழுத்துகளைப் படிப்பதுதான் கடினமான பகுதி என்று பலரும் எண்ணுகிறார்கள். தெளிவாக அச்சான பக்கத்தில், படத்திலுள்ள எழுத்துகளைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரி பெரும்பாலும் சரியாகவே படித்துவிடும். எந்த எழுத்தையும் தவறாகப் படிக்காமலேயே முழு விவரமும் தப்பாகிப்போவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரு சுயவிவரத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் மேற்பகுதியில் அனுபவம் மூன்று வரிகளாக இருக்கிறது. இடப்பக்கம் பதவி, வலது ஓரத்தில் ஆண்டுகள். முதல் வரியில் கணக்காளர், 2019–2022. அடுத்து உதவிக் கணக்காளர், 2015–2019. மூன்றாவது அலுவலக உதவியாளர், 2012–2015. அதற்கு நேர் கீழே ‘கல்வி’ என்ற தலைப்பு. மனிதக் கண்ணுக்கு இதில் குழப்பம் எதுவும் இல்லை.

படம் வந்ததும் மென்பொருள் முதலில் காகிதத்தின் நான்கு மூலைகளைத் தேடுகிறது. சாய்வாகப் பிடித்த கைபேசியில் காகிதம் கோணல்மாணலான நாற்கரமாகத்தான் பதிந்திருக்கும். நான்கு மூலைகளும் தெரிந்துவிட்டால் அந்த நாற்கரத்தை இழுத்து, செவ்வகமாக நிமிர்த்திவிடலாம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் நிமிர்த்தினால் 2480-க்கு 3508 பிக்சல் அளவுள்ள படம் கிடைக்கும். அதில் சாதாரண எழுத்து அளவில் அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு இடையே சுமார் 60 பிக்சல் இருக்கும். இந்த 60 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தாளின் மேல் இடது மூலையில் ஒரு காலத்தில் பின் குத்தியிருந்தார்கள். அந்த மூலை மடங்கிக் கிடக்கிறது. உண்மையான மூலைக்கு 7 மில்லிமீட்டர் கீழே உள்ள மடிப்பையே மென்பொருள் மூலை என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் புள்ளியைச் செவ்வகத்தின் உச்சிக்கு இழுக்கும்போது, பக்கத்தின் இடப்பக்க எழுத்துகள் மேலே ஏறிவிடுகின்றன. உச்சியில் வரிகள் ஏறக்குறைய 2 பாகை சாய்கின்றன. கீழே போகப்போகச் சாய்வு குறைந்து, அடியில் இல்லாமலே போய்விடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்குப் படம் நேராகத்தான் தெரியும்.

பக்கத்தின் கால்பங்கு உயரத்தில், நம் அனுபவ வரிகள் இருக்கும் இடத்தில், சாய்வு சுமார் ஒன்றரைப் பாகை. பதவிக்கும் ஆண்டுக்கும் இடையே 1500 பிக்சல் தூரம் இருந்தால், வலப்பக்க ஆண்டு தன் பதவியைவிட சுமார் 40 பிக்சல் கீழே இறங்கியிருக்கும். எழுத்துணரி சொற்களை மட்டும் தருவதில்லை, ஒவ்வொரு சொல்லையும் சுற்றி ஒரு கட்டத்தையும், அந்தக் கட்டம் இருக்கும் இடத்தையும் சேர்த்தே தருகிறது. எளிய நிரல் ஒன்று அந்தக் கட்டங்களின் உயரத்தை வைத்தே எது எந்த வரி என்று முடிவுசெய்யும். கணக்காளர் 900-ஆவது பிக்சலில் இருக்கிறார், அவருடைய ஆண்டு 940-இல். உதவிக் கணக்காளர் இருப்பது 960-இல். 940 எதற்கு அருகில்? 960-க்குத்தான்.

விளைவு இது. 2019–2022 உதவிக் கணக்காளருக்குப் போகிறது. 2015–2019 அலுவலக உதவியாளருக்கு. மிஞ்சிய 2012–2015 ‘கல்வி’ என்ற தலைப்போடு ஒட்டிக்கொண்டு, பட்டம் படித்த காலமாகிவிடுகிறது. மூன்று ஆண்டுப் பட்டம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பத்து ஆண்டு அனுபவம் ஏழாகச் சுருங்கியது, கடைசியாகப் பார்த்த வேலைக்குக் காலமே இல்லை. இத்தனைக்கும் எழுத்துணரியின் நம்பிக்கை மதிப்பெண் ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சத்தில் இருக்கும், ஏனென்றால் எழுத்துகளில் பிழையே இல்லை. எழுத்துத் துல்லியம் எத்தனை சதவீதம் என்று பெருமை பேசுபவர்களிடம் நான் கேட்க விரும்புவது, புலங்களில் எத்தனை சரி என்பதைத்தான்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தடயங்கள் உண்டு. பட்டியலின் முதல் பதவிக்கு ஆண்டு இல்லாமல் இருப்பது ஒன்று. ஒரு பகுதித் தலைப்பின் வரியில் ஆண்டு வந்து உட்கார்ந்திருப்பது இன்னொன்று. ஆனால் மருந்து அதற்கு முன்பே இருக்கிறது. பல சொற்கள் கொண்ட ஒரு நீண்ட வரியை எடுத்து, அதன் எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டின் சாய்வை அளக்கலாம். பிறகு பதவியிலிருந்து வலப்பக்கம் கிடைமட்டமாகப் போகாமல், அந்தச் சாய்விலேயே கோட்டை நீட்டினால் அது சரியான ஆண்டில் போய் முட்டும். சாய்வு பக்கம் முழுவதும் ஒரே அளவில் இல்லை என்பதால் அந்தந்தப் பகுதியில் தனித்தனியாக அளக்கவேண்டும். சுருண்ட தாளுக்கும் இதே வழிதான். வளைந்த பரப்பை நான்கு மூலைகளை மட்டும் வைத்து நிமிர்த்த முடியாது.

சரி, ஆண்டு தன் பதவியோடு சேர்ந்துவிட்டது. அதை எப்படி எழுதிவைப்பது? தாளில் 2015 என்று மட்டும் இருக்கும்போது சில நிரல்கள் அதை 2015 ஜனவரி 1 என்று நிரப்பிவிடுகின்றன. தாளில் இல்லாத ஒரு துல்லியம் அங்கே முளைக்கிறது. 2015–2019 என்பது 2015 டிசம்பரில் சேர்ந்து 2019 ஜனவரியில் விலகியவரானால் மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டும். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்தவரானால் ஐந்து ஆண்டுகள். ஆகவே ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டுமே எழுதவேண்டும். ‘இன்றுவரை’ என்றிருந்தால் முடிவுப் புலத்தைக் காலியாக விட்டு, தொடர்கிறது என்று தனியாகக் குறிக்கவேண்டும். படித்த நாளின் தேதியை அங்கே போட்டால், அடுத்த ஆண்டு பார்க்கும்போது அவர் வேலையை விட்டவராகத் தெரிவார்.

இப்போது படத்தை நேரடியாக வாங்கிக்கொண்டு புலங்களை நிரப்பித் தரும் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் வந்துவிட்டன. அருகருகே உள்ள இரண்டு பத்திகள், அட்டவணைகள், ஓரக் குறிப்புகள் ஆகியவற்றை அவை நன்றாகவே சமாளிக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மங்கிப்போன ஓர் ஆண்டைக் காலியாக விடுவதற்குப் பதிலாக, பொருத்தமாகத் தோன்றும் ஆண்டு ஒன்றை எழுதிவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு மதிப்போடும் அது தாளில் இருந்த இடத்தையும் சேமித்துவைப்பது நல்லது:

```json
{
  "title": "கணக்காளர்",
  "start": "2019",
  "end": "2022",
  "date_text": "2019–2022",
  "date_box": [1800, 922, 2020, 958]
}
```

கட்டத்தின் எண்கள் இடது, மேல், வலது, கீழ் ஓரங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டி எழுத்துணரிக்குத் தனியாகக் கொடுத்து, அதே ஆண்டு வருகிறதா என்று ஒப்பிடலாம். வராவிட்டால் அந்தப் புலத்தை மட்டும் ஒரு மனிதர் பார்த்தால் போதும்.

திறன்களின் பகுதியில் சிக்கல் வேறுவிதமானது. அங்கே சூழல் இல்லை, காற்புள்ளிகளால் பிரிந்த ஒற்றைச் சொற்கள்தான். வாக்கியத்தில் ஓர் எழுத்து மங்கினால் பக்கத்துச் சொற்கள் அதை மீட்டுத்தரும். C# என்பதில் இரண்டாவது குறி மங்கினால் மிஞ்சுவது C, அதுவும் ஒரு நிரல்மொழியின் பெயர்தான். சொற்பட்டியலோடு ஒப்பிட்டாலும் பிழை பிடிபடாது, ஏனென்றால் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. வரி முடிவில் பிரிந்த சொல்லும் இப்படித்தான். JavaScript என்பது Java என்று ஒரு வரியிலும் Script என்று அடுத்த வரியிலும் உடைந்தால், அவருக்குத் தெரியாத ஒரு மொழி அவர் கணக்கில் ஏறிவிடுகிறது. இங்கே உதவுவது எழுத்தின் கட்டம்தான். C என்று படித்த சொல்லுக்கும் அடுத்த காற்புள்ளிக்கும் இடையே ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் மிஞ்சியிருந்தால், அங்கே ஏதோ ஒன்று அச்சாகியிருந்தது என்று பொருள்.